குறி மறைந்தாலும் பொருள் மாறாத ஆர்டர் செய்தி

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கும் புதியம்புத்தூரைக் குட்டி திருப்பூர் என்பார்கள். மழையை நம்பிய கரிசல் ஊர்களுக்கு நடுவே ஆயத்த ஆடைத் தொழில் வேர் பிடித்த ஊர் அது. வெட்டிய துணி பண்டல் பண்டலாகத் தையல்காரர் வீடுகளுக்குப் போகும். தைத்த உருப்படியாகத் திரும்பி வரும். எந்த அளவில் எத்தனை பீஸ், எந்த இடத்தில் என்ன தையல், கூலி எவ்வளவு என்பதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் துணியோடு போகலாம். இன்று அந்த வேலையைக் கைப்பேசிச் செய்தியும் செய்கிறது.

சீட்டுக்கும் செய்திக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சீட்டில் எழுதியது யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரி தெரியும். செய்தி அப்படித் தெரியாது. கொள்முதல் செய்யும் கடையின் அலுவலக மென்பொருளில் ஒரு விதமாகவும், யூனிட் நடத்துபவரின் வாட்ஸ்அப்பில் இன்னொரு விதமாகவும், தையல்காரரின் பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும்போது வேறு விதமாகவும் தெரியும். எழுத்தோடு சேர்த்து நாம் இடும் நட்சத்திரக் குறி, சிறு கோடு, அலைக்குறி போன்றவற்றைச் சில திரைகள் கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. சில திரைகள் அப்படியே காட்டுகின்றன. இரண்டு இடத்திலும் ஒரே பொருள் தரும் செய்தியை எழுதுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

குறி கட்டளையாக மாறும் விதம்

ஜான் க்ரூபர் 2004இல் மார்க்டவுன் என்ற எழுத்து முறையை வெளியிட்டார். மின்னஞ்சலில் மக்கள் ஏற்கெனவே பழகியிருந்த வழக்கங்களை அவர் விதிகளாக்கினார். ஒரு சொல்லைச் சுற்றி நட்சத்திரம் இட்டால் அழுத்தம், வரியின் தொடக்கத்தில் சிறு கோடு இட்டால் பட்டியல், `#` இட்டால் தலைப்பு. விதிகள் இயங்காத இடத்திலும் அந்த எழுத்து வாசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். இன்று குறிப்பேட்டுச் செயலிகள், அலுவலக அரட்டைச் செயலிகள், பணி ஒதுக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இந்த முறையோ இதன் கிளைகளோ இருக்கின்றன.

வாட்ஸ்அப் 2016இல் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, குறுக்குக்கோடு மூன்றையும் கொண்டு வந்தது. 2024இல் பட்டியல், எண் பட்டியல், மேற்கோள் ஆகியவற்றையும் சேர்த்தது. ஆனால் அதன் விதிகள் மார்க்டவுனோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. ஒற்றை நட்சத்திரம் வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்து. மார்க்டவுனில் அதுவே சாய்வெழுத்து. எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த விதிகள் எதுவும் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்ததை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால், திரையில் மறைந்திருந்த குறிகள் மீண்டும் வெளியே வரும். ஆகவே செய்தியை எழுதுபவர் அது கடைசியில் எந்தத் திரையில் நிற்கும் என்று முன்கூட்டி முடிவு செய்ய முடியாது.

ஓர் ஆர்டர் கெடும் விதம்

குழந்தைகள் கவுன் தைக்க ஓர் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தன் பழக்கப்படி இப்படி எழுதுகிறார்:

```
# கவுன் ஆர்டர்
20. 48 பீஸ்
22. 60 பீஸ்
24. 60 பீஸ்
26. 36 பீஸ்

> 24 அளவுக்கு இரட்டைத் தையல்
- 12 பீஸ் (போன முறை கூட வந்தது)
பெட்டி 18*12*10
கூலி ~22~ 25
```

எஸ்எம்எஸ்ஸில் இது கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும், தொழில் தெரிந்தவருக்குப் புரியும். இதையே மார்க்டவுனைப் பின்பற்றும் ஒரு மென்பொருளில் ஒட்டினால் என்ன ஆகிறது என்று வரி வரியாகப் பார்க்கலாம்.

முதலில் அளவுகள். எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அது எண் பட்டியல். மார்க்டவுன் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தானே வரிசையாக எண்ணும். எனவே 20, 22, 24, 26 என்று எழுதியது 20, 21, 22, 23 என்று திரையில் வருகிறது. 24ஆம் அளவுக்குரிய 60 பீஸ் 22ஆம் அளவின் பக்கத்தில் போய் நிற்கிறது. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தாலும் இந்தப் பிழை பிடிபடாது, ஏனென்றால் 204 பீஸ் என்ற கூட்டுத்தொகை மாறவே இல்லை, அளவுதான் மாறியிருக்கிறது. இந்த ஆர்டரில் 21, 23 என்ற ஒற்றைப்படை அளவுகள் இல்லை என்று தெரிந்த கட்டிங் மாஸ்டர் மட்டுமே நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்து `>` குறி. கடைக்காரர் சொல்ல நினைத்தது 24க்கு மேற்பட்ட அளவு, அதாவது 26. வரியின் தொடக்கத்தில் வந்த அந்தக் குறியை மென்பொருள் மேற்கோள் அடையாளமாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது “24 அளவுக்கு இரட்டைத் தையல்.” வாக்கியம் முழுமையாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தேவையற்ற 60 பீசுக்கு இரட்டைத் தையல் விழும். தேவையான 36 பீசுக்கு விழாது. வாட்ஸ்அப்பிலும் இதே நடக்கலாம்.

மூன்றாவது, கழித்தல் குறி. போன முறை 12 பீஸ் கூடுதலாக வந்ததால் இந்த முறை 12 குறைக்கச் சொல்கிறார். சிறு கோடு பட்டியல் புள்ளியாக மாறியதும் குறைப்பு என்ற பொருள் போய்விடுகிறது. 192 பீஸ் அனுப்ப வேண்டியவர் 216 அனுப்பவும் இடம் உண்டு. வரியின் தொடக்கத்தில் வரும் கூட்டல் குறிக்கும் மார்க்டவுனில் இதே கதிதான். அதுவும் பட்டியல் அடையாளம்.

நான்காவது, பெட்டியின் அளவு. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே 12 மாட்டிக்கொள்வதால் நட்சத்திரங்கள் மறைந்து 181210 என்று ஒட்டி வருகிறது. நடுவில் 12 மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கும். அதோடு, மார்க்டவுனில் ஒருமுறை மட்டும் வரி மாற்றியது பல இடங்களில் வெறும் இடைவெளியாகிவிடும். அதனால் பெட்டியும் கூலியும் தனி வரியில் நிற்காமல், மேலே இருக்கும் 12 பீஸ் வரியோடு ஒட்டிக்கொள்கின்றன.

கடைசியாகக் கூலி. பழைய 22 ரூபாயைக் குறுக்கே அடித்துப் புதிய 25 ரூபாயைக் காட்ட அலைக்குறி இட்டார். அது இயங்காத திரையில் 22, 25 இரண்டும் நிற்கும். எது செல்லும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கூலி விஷயத்தில் இந்தக் குழப்பம் இரு தரப்புக்கும் மனத்தாங்கலில் முடியும்.

ஐந்து இடத்திலும் காரணம் ஒன்றே. பொருளில் ஒரு பகுதியைச் சொல்லாமல் குறியிடம் ஒப்படைத்திருக்கிறார். மேல், குறை, பெருக்கு, ரத்து என்ற நான்கையும் குறிகள் சுமந்தன. அளவு என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி நின்றது.

அதே ஆர்டர், பாதுகாப்பாக

```
கவுன் ஆர்டர், குழந்தைகள்

- அளவு 20: 48 பீஸ்.
- அளவு 22: 60 பீஸ்.
- அளவு 24: 60 பீஸ்.
- அளவு 26: 24 பீஸ்.

மொத்தம் 192 பீஸ். போன முறை அளவு 26இல் 12 பீஸ்
கூட வந்ததால், இந்த முறை 36க்குப் பதில் 24.

இரட்டைத் தையல் அளவு 26க்கு மட்டும்.

பெட்டி: நீளம் 18, அகலம் 12, உயரம் 10 அங்குலம்.

கூலி பீசுக்கு 25 ரூபாய். பழைய 22 ரூபாய் இனி இல்லை.
```

இதில் குறி என்று இருப்பது பட்டியலின் சிறு கோடு ஒன்றுதான். அது இயங்கினால் புள்ளியாகத் தெரியும். இயங்காவிட்டால் கோடாகவே தெரியும். முற்றிலும் காணாமல் போனாலும் “அளவு 20: 48 பீஸ்” என்ற சொற்கள் தம் வேலையைச் செய்யும். கோட்டுக்குப் பின் எண் வராமல் ஒரு சொல் வருவதைக் கவனியுங்கள். அந்தச் சொல் இருக்கும்வரை கோட்டைக் கழித்தல் குறியாக யாரும் படிக்க முடியாது. மென்பொருளும் எண்ணை மாற்ற முடியாது.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் முற்றுப்புள்ளியில் முடிகிறது. ஏதோ ஒரு திரை எல்லா வரிகளையும் சேர்த்து ஒரே பத்தியாக்கினாலும் “அளவு 20: 48 பீஸ். அளவு 22: 60 பீஸ்.” என்று தெளிவாகவே ஓடும். முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் ஒரு வரியின் கடைசிச் சொல்லும் அடுத்த வரியின் முதல் சொல்லும் ஒட்டிக்கொள்ளும்.

பகுதிகளுக்கு நடுவே ஒரு காலி வரி இருக்கிறது. பத்தி பிரிக்கப் பெரும்பாலான திரைகள் ஏற்கும் வழி இதுதான். பட்டியலுக்கு முன்னும் பின்னும் காலி வரி விடுவது அவசியம். விடாவிட்டால் சில மென்பொருள்கள் பட்டியலை மேல் பத்தியோடு சேர்த்துவிடும், கீழே வரும் வாக்கியத்தைப் பட்டியலின் கடைசி உருப்படியோடு ஒட்டிவிடும். வரியின் தொடக்கத்தில் இடைவெளி விட்டு உள்ளே தள்ளி எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். மார்க்டவுனில் காலி வரிக்குப் பின் நான்கு இடைவெளி விட்டுத் தொடங்கினால் அந்த வரி நிரல் துண்டாக, வேறு எழுத்துருவில், பெட்டிக்குள் போய் நிற்கும்.

தலைப்புக்கு `#` இடவில்லை. முதல் வரியே தலைப்பு. அடியில் காலி வரி அதைப் பிரித்துக் காட்டுகிறது. தலைப்பின் கீழ் கோடு போல `---` இடும் பழக்கம் பலருக்கு உண்டு. காலி வரி விடாமல் அப்படி இட்டால் மார்க்டவுன் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பத்தி முழுவதையும் தலைப்பாக்கிவிடும். கோடு தேவையே இல்லை.

தமிழில் அழுத்தம் காட்டுவது

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் ஒரு சொல்லை உரக்கச் சொல்லலாம். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் பலரும் நட்சத்திரத்தை நாடுகிறார்கள். தமிழ்ச் சொல்லின் அமைப்பு அங்கே ஒரு சிக்கலைத் தருகிறது. நம் சொற்களில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வரும். “அளவு 26க்கு” என்பதில் 26ஐ மட்டும் தடிப்பாக்க நினைத்து இப்படி எழுதினால் என்ன ஆகும்?

```
அளவு *26*க்கு மட்டும்
```

முடிக்கும் நட்சத்திரத்தை ஒட்டி எழுத்து வந்தால், சில செயலிகள் அதை முடிவாக ஏற்காது. நட்சத்திரங்கள் அப்படியே திரையில் நிற்கும். மேற்கோள் குறியையும் சேர்த்து ஒரு சொல்லைத் தடிப்பாக்கி அதன் பின் உருபை ஒட்டினால் மார்க்டவுனும் ஏற்காது. அழுத்தம் கட்டாயம் வேண்டும் என்றால் உருபு உட்பட முழுச் சொல்லையும் உள்ளே வைத்து, இரு பக்கமும் இடைவெளி விட வேண்டும்:

```
அளவு *26க்கு* மட்டும்
```

இது வாட்ஸ்அப்பில் தடிப்பாகவும், மார்க்டவுனில் சாய்வாகவும், எஸ்எம்எஸ்ஸில் நட்சத்திரத்தோடும் தெரியும். மூன்றிலும் வாசிக்கலாம். ஒரு செய்தியில் ஓரிடத்தில் மட்டும் இட்டால் கண் அங்கே நிற்கும். வரிக்கு வரி இட்டால், குறி இயங்காத திரையில் எண்ணெல்லாம் நட்சத்திரத்துக்குள் மூழ்கிவிடும். திரையை வாசித்துச் சொல்லும் செயலியைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கும் இது தொல்லை. சில செயலிகள் ஒவ்வொரு குறியையும் பெயர் சொல்லி வாசிக்கும்.

இதைவிட உறுதியான வழி தமிழிலேயே இருக்கிறது. “மட்டும்”, “கட்டாயம்”, “வேண்டாம்”, “மாற்றம்” போன்ற சொற்கள் எந்தத் திரையிலும் மறையாது. முக்கியமானதைத் தனி வரியாக்கி, முன்னும் பின்னும் காலி வரி விட்டால் அதுவே போதுமான அழுத்தம்.

நிறமும் அளவும் சேர்ந்து வரும்போது

அளவோடு நிறமும் சேர்ந்தால் கட்டம் போட்ட அட்டவணை தேவை என்று தோன்றும். செய்திக்குள் இடைவெளி தட்டி அட்டவணை நேராக்குவது பலன் தராது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை. “ழு” பிடிக்கும் இடம் வேறு, “ர” பிடிக்கும் இடம் வேறு. உங்கள் திரையில் நேராக நின்ற நெடுவரிசை மற்றவர் திரையில் கோணிவிடும். பல மென்பொருள்கள் அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கியும் விடும். நெட்டுக்கோடு இட்டு எழுதும் மார்க்டவுன் அட்டவணை, இயங்காத இடத்தில் கோடுகளின் குவியலாகிவிடும்.

அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையையும் ஒரு வாக்கியமாக்குங்கள். அளவின் பெயரை ஒவ்வொரு எண்ணோடும் சேர்த்தே எழுதுங்கள்:

```
- சிவப்பு: அளவு 20இல் 24, அளவு 22இல் 30. மொத்தம் 54.
- நீலம்: அளவு 20இல் 24, அளவு 22இல் 30. மொத்தம் 54.
```

மேலே உள்ள ஆர்டரின் முதல் இரண்டு அளவுகளே இவை. இரண்டு நிறத்தையும் கூட்டினால் 108. 48உம் 60உம் கூட்டினாலும் 108. இப்படி வரிக்கு வரி மொத்தமும் முழு ஆர்டரின் மொத்தமும் இருந்தால், நகலெடுக்கும்போது ஒரு வரி விட்டுப்போனாலும் தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. நான்கு நிறம், நான்கு அளவு வரை செய்தியில் தாங்கும். அதற்கு மேல் போனால் அட்டவணையைத் தனிக் கோப்பாகவோ படமாகவோ அனுப்பி, செய்தியில் மொத்தம், கூலி, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் மூன்றையும் சொற்களில் எழுத வேண்டும். படம் திறக்காத போனிலும் அந்த மூன்றும் போய்ச் சேரும்.

எஸ்எம்எஸ்ஸாகப் போகும் என்றால்

ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து வரை அடங்கும். தமிழில் எழுதினால் பொதுவாக 70தான். அதைத் தாண்டிப் பல துண்டுகளாகப் போனால் துண்டுக்கு 67. அந்தக் கணக்கும் நாம் எண்ணுவது போல இருக்காது. “பீஸ்” நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக் கணக்கில் ப, ஈகாரக் குறி, ஸ, புள்ளி என்று நான்கு. ஒவ்வொரு நட்சத்திரமும் கோடும் காலி வரியும் இதில் இடம் பிடிக்கும்.

எஸ்எம்எஸ்ஸுக்கு ஆர்டரைச் சுருக்கும்போது முதலில் எடுக்க வேண்டியவை குறிகள். பட்டியல் கோட்டை நீக்கினாலும் “அளவு” என்ற சொல்லை நீக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் பெட்டி அளவையும் பழைய கூலியையும் அடுத்த செய்திக்குத் தள்ளலாம். இணைய முகவரி ஏதாவது இருந்தால் அதைத் தனி வரியில் முழுதாக எழுதி, பின்னால் முற்றுப்புள்ளி வைக்காமல் விடுங்கள். சில போன்கள் அந்தப் புள்ளியையும் முகவரியின் பகுதியாகக் கொள்ளும். சொல்லுக்குள் முகவரியை ஒளிக்கும் அடைப்புக்குறி முறையை எஸ்எம்எஸ்ஸில் பயன்படுத்த முடியாது.

அனுப்பும் முன் மூன்று சோதனைகள்

1. செய்தியை நகலெடுத்து, வடிவமைப்பு ஏதும் இல்லாத எளிய குறிப்பேட்டில் ஒட்டுங்கள். நட்சத்திரமும் கோடும் கண்ணை உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. அதே செய்தியை உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். செய்தியைப் பெறுபவர் வேறு மென்பொருள் பயன்படுத்தினால், அவர் திரையில் தெரிவதை ஒருமுறை படமாக அனுப்பச் சொல்லுங்கள். எண்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அளவுகள் வரிசை எண்ணாக மாறியிருந்தாலும், பெட்டி அளவு ஒட்டியிருந்தாலும் இங்கே பிடிபடும்.

3. செய்தியை யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். குறி எதையும் வாசிக்காமல் எழுத்தை மட்டும் வாசிக்க வேண்டும். கேட்பவர் அதைத் தாளில் எழுதிய பின் உங்கள் ஆர்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் “மேலா, கீழா?” “கூட்டவா, குறைக்கவா?” என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு சொல் குறைகிறது. அதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது சோதனையில் தேறிய செய்தியைக் கடை, யூனிட், வீடு என்று எத்தனை கை மாற்றினாலும் 192 பீசும் அதனதன் அளவிலேயே தைத்து வரும்.